சேஃப்டி ஷூவோடு வரவும்: ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் திரும்பப் படித்த மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அக்கா மகள் போன் செய்தாள். "இன்டர்வியூ வந்துருச்சுங்க மாமா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

சந்தோஷத்தோடு சந்தோஷமாக நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன எழுதி அனுப்பினே?" என்பதுதான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அனுப்பி ஐந்து வாரம் ஆகிவிட்டது. எழுதியது அவளுக்கே பாதி மறந்துபோயிருந்தது.

அவள் கோவையில் ஒரு நடுத்தர கிரே அயர்ன் பவுண்டரியில், அதாவது வார்ப்பிரும்பு வார்க்கும் தொழிற்சாலையில், மூன்றரை வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறாள். விண்ணப்பித்திருந்தது அதைவிடப் பெரிய ஒரு பவுண்டரிக்கு, குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு. நானும் இதே துறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவன், நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் பலமுறை உட்கார்ந்தவன் என்பதால் மூன்று நாளும் கூட இருந்தேன். நடந்ததை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று தெரியக்கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்குப் போகும் விதம் மாறவில்லை.

அழைப்பில் என்ன இருந்தது

அழைப்பு மெயிலை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஆறே வரி. தேதி, நேரம், முகவரி தவிர மூன்று விஷயங்கள் இருந்தன. பேசப்போவது குவாலிட்டி ஹெட்டும் மெல்ட்டிங் இன்சார்ஜும். நாற்பத்தைந்து நிமிஷம் டெக்னிக்கல் பேச்சு, அப்புறம் ஷாப் ஃப்ளோர் சுற்றிப் பார்ப்பது. கடைசி வரி: சேஃப்டி ஷூவோடு வரவும்.

அவள் அந்தக் கடைசி வரியை ஒரு சடங்கு மாதிரி படித்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஷூ போட்டுக்கொண்டு உள்ளே போனால், கடிதத்தில் எழுதியதைச் செய்து காட்டச் சொல்ல அவர்களுக்கு வசதி. கூடவே, உலோகத்தை உருக்குகிற ஆள் ஒருவர் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கான நேர்காணலில் ஏன் உட்காருகிறார் என்றும் யோசிக்க வேண்டியிருந்தது. கடிதத்தைப் பார்த்ததும் அதற்கும் பதில் கிடைத்தது.

எந்தக் கடிதம்?

கடிதத்தை எடுத்து வா என்றால் லேப்டாப்பில் நாலு கோப்பு இருந்தது. `cover_final.docx`, `cover_final2.docx`, இன்னும் இரண்டு. எது போனது என்று அவளுக்கு நிச்சயமில்லை. கோப்புகளை விட்டுவிட்டு, மெயிலில் அனுப்பியவற்றில் தேடி, அதில் இணைத்திருந்ததையே எடுத்தோம். அவர்கள் கையில் இருக்கப்போவது அதுதான். போனது `cover_final2`. அவள் மனதில் இருந்ததோ அதற்கு முந்தையது. இரண்டுக்கும் ஒரே ஒரு வரி வித்தியாசம். அந்த ஒரு வரிதான் பிற்பாடு எங்களை அதிகம் படுத்தியது.

கடிதத்தையும் அதோடு போன ரெஸ்யூமேயையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ரெஸ்யூமேயில் இல்லாத எதுவும் கடிதத்தில் இருக்கிறதா, ஒரே விஷயம் இரண்டிலும் வேறு வேறாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். இரண்டு இடம் சிக்கியது. கடிதத்தில் ஆறு இன்ஸ்பெக்டர்கள், ரெஸ்யூமேயில் எட்டு. கடிதத்தில் எஸ்.ஜி. அயர்ன், அதாவது கிராஃபைட் உருண்டையாக அமையும் வார்ப்பிரும்பில் அனுபவம் உண்டு, ரெஸ்யூமேயில் அந்தச் சொல்லே கிடையாது.

அப்புறம் அவளை ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படிக்கச் சொன்னேன். கடிதம் ஆங்கிலத்தில். எங்களை நிறுத்தியவை ஐந்து வாக்கியங்கள்: பம்ப் கேசிங் வார்ப்பில் ரிஜெக்ஷனை 60% குறைத்தேன். கிரே அயர்ன், எஸ்.ஜி. அயர்ன் இரண்டிலும் அனுபவம் உண்டு. அளவெடுக்கும் கருவியையும் ஆட்களையும் நம்பலாமா என்று சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஆய்வுகளைத் தனியாக நடத்தியிருக்கிறேன். ஆறு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன். சப்ளையர் தணிக்கைகளில் பங்கேற்றிருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் நான் கேட்டது ஒரே மாதிரிதான். இதில் உன் கை பட்டது எது? எண் இருந்தால், எதை எதால் வகுத்தாய்? நீ பதில் சொன்னதும் எதிரே இருப்பவர் அடுத்து என்ன கேட்பார்? மூன்றாவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். நேர்காணலில் வரும் முதல் கேள்விக்கு எல்லோரும் தயாராக வருவார்கள், அதைத் தொடர்ந்து வரும் இரண்டாவதுக்கு வருவதில்லை.

அறுபது சதவீதம்

"60% எப்படி வந்துச்சு கண்ணு?"

"ஜனவரில எட்டரை சதவீதம் இருந்துச்சுங்க. ஏப்ரல்ல மூணு புள்ளி ஆறு."

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஜனவரியில் 2,400 வார்த்ததில் 204 கழிவு, 8.5%. ஏப்ரலில் 2,500-க்கு 90, அதாவது 3.6%. குறைந்தது 4.9 புள்ளி. அதை 8.5-ஆல் வகுத்தால் 57.6% வருகிறது. அறுபது என்று எழுதியது பெரிய குற்றம் இல்லை. ஆனால் கேட்பவர் தொழிற்சாலை முழுவதற்கும் என்று நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. இது ஒரே ஒரு பாகத்தின் கணக்கு. "எட்டரையிலிருந்து மூணு புள்ளி ஆறுக்கு, ஒரு பம்ப் கேசிங்கில், நாலு மாசத்தில்" என்று சொல்லிவிட்டால் சதவீதத்தின் சதவீதம் பற்றிப் பேச்சே எழாது.

அடுத்து நான் கேட்டதுதான் அவளைக் கொஞ்சம் உலுக்கியது. மெஷினிங் ரிஜெக்ஷன் எந்த மாசக் கணக்கில் ஏறுகிறது?

பவுண்டரி கணக்கு தெரியாதவர்களுக்காக: வார்ப்பில் இருக்கும் ப்ளோ ஹோல், அதாவது காற்று அடைபட்டு உண்டாகும் குழி, சில நேரம் மேலே தெரியாது. கடைந்து எடுத்த பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் வார்ப்பு மெஷின் ஷாப்புக்குப் போய்ச் சில வாரம் ஆகியிருக்கும். திரும்பி வரும் கழிவை, வார்த்த மாசத்தில் ஏற்றாமல் திரும்பி வந்த மாசத்தில் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். இவள் இருக்கும் இடத்திலும் அப்படித்தான். அப்படியானால் ஏப்ரலின் 90-ல் மார்ச்சில் வார்த்ததும் கலந்திருக்கிறது. ஏப்ரலில் வார்த்து மே மாசம் திரும்பியது அதில் இல்லை.

புதன்கிழமை வேலைக்குப் போனபோது ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரை ஹீட் நம்பர் வாரியாக, அதாவது எந்தத் தடவை உருக்கியதில் ஊற்றியது என்று பிரித்துப் பார்த்து வந்தாள். அது அவளே பராமரிக்கிற ரிஜிஸ்டர். வாடிக்கையாளர் பெயர், பாக எண், எந்தக் காகிதமும் வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏப்ரலில் வார்த்தவற்றில் உள்ளேயே கழிந்தது 60. மெஷினிங்கிலிருந்து ஏப்ரலிலும் மே மாசத்திலுமாகத் திரும்பியது 48. ஆக 108, 2,500-க்கு 4.3%. ஜனவரிக்கு இதே மாதிரிப் பிரிக்க முடியவில்லை, அப்போது திரும்பி வந்தவற்றின் ஹீட் நம்பரைக் குறித்து வைக்கும் பழக்கம் அங்கே வரவில்லை.

இதைக் கேட்டு அவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ இதுதான் நேர்காணலில் சொல்லத் தகுந்த பதில் என்று தோன்றியது. "பதிவான மாசப்படி 3.6, வார்த்த மாசப்படி பார்த்தால் 4.3, ஜனவரிக்கு வார்த்த மாசக் கணக்கு எங்களிடம் இல்லை" என்று ஒருத்தி சொன்னால், அவள் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று எந்தக் குவாலிட்டி ஹெட்டுக்கும் புரியும்.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. குறைந்தது எதனால்?

அவள் செய்தது அச்சு செய்யும் மணலில். கழிவை வகைவாரியாகப் பிரித்ததில் பாதிக்கு மேல் ப்ளோ ஹோல். மணல் ஈரத்தை ஷிஃப்டுக்கு ஒருமுறை, காலை எட்டு மணிக்கு மட்டும் பார்ப்பது வழக்கமாக இருந்தது. அதை மணிக்கு ஒருமுறை எடுக்க வைத்துச் சார்ட்டில் போட்டாள். அந்த மணலுக்கு வைத்திருந்த எல்லை 3.2 முதல் 3.8%. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈரம் நாலைத் தாண்டுவது சார்ட்டில் தெரிந்தது. காலையில் ஊற்றிய அச்சுகளின் மணல் சூடு ஆறாமல் திரும்பி வருகிறது. சூடான மணலைப் பிடித்துப் பார்த்தால் உலர்ந்தது போல இருக்கும், ஒட்டாது. மிக்ஸர் ஆள் கையில் பிடித்துப் பார்த்து, கூடத் தண்ணீர் விட்டுவிடுகிறார். அந்தத் தண்ணீர் உலோகம் பட்டதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் நிற்கிறது. பிப்ரவரியில் இதைச் சரிசெய்த பிறகு 2,300-க்கு 140, அதாவது 6.1%.

மார்ச் நடுவில் மெத்தட்ஸ் இன்ஜினியர், வார்ப்பின் உள்குழிவை உண்டாக்கும் கோரில் காற்றுப் போக வென்ட் வைத்தார். அதற்கப்புறம்தான் 3.6 வந்தது. கணக்கு வெளிப்படையாகத் தெரிகிறது: முதல் 2.4 புள்ளி மணலில், மீதி 2.5 வென்ட்டில், தோராயமாக. கடிதமோ "குறைத்தேன்" என்று முழுவதையும் ஒருமையில் வாரிக்கொண்டது.

அவளைப் பதிலை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். முதல் தடவை நாலு நிமிஷம் ஓடியது, நடுவில் இரண்டு முறை பின்னால் போனாள். ஐந்தாவது தடவை ஒன்றரை நிமிஷத்துக்குள் நின்றது. எழுதி மனப்பாடம் செய்யவிடவில்லை. மூன்று எண்கள் (8.5, 6.1, 3.6), அவற்றுக்கு நடுவில் இரண்டு செயல்கள், யார் எதைச் செய்தார்கள், அவ்வளவுதான். 4.3-ஐக் கேட்டால் சொல்வது.

அப்புறம் சேஃப்டி ஷூ நினைவுக்கு வந்தது. "ஈரம் எடுக்கறது யாரு?"

"லேப் பையன் எடுப்பாங்க மாமா. நான் சார்ட் போடுவேன்."

வியாழக்கிழமை அவள் ஷிஃப்டில் தானே ஐந்தாறு முறை எடுத்துப் பார்த்தாள். மணலை எடை போட்டுக் குடுவையில் போட்டு, மூடியில் கார்பைடு பொடி வைத்து, படுக்க வைத்தபடியே மூடி இறுக்கி, உள்ளே இரண்டு இரும்புக் குண்டோடு குலுக்க வேண்டும். ஈரத்தோடு கார்பைடு சேர்ந்து அசிட்டிலீன் உண்டாகி, அந்த அழுத்தம் டயலில் சதவீதமாக நிற்கும். முதல் இரண்டு தடவை மூடி சரியாக இறுகாமல் முள் ஏறி இறங்கியது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். திறக்கும்போது தீ, தீப்பொறி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

எஸ்.ஜி. வரி

`cover_final2`-ல் கூடுதலாக ஏறிய வரி இது. விளம்பரத்தில் எஸ்.ஜி. அனுபவம் இருந்தால் முன்னுரிமை என்று போட்டிருந்தார்கள். தோழி ஒருத்தி, "போட்டு விடு, யார் பார்க்கப்போறாங்க" என்றிருக்கிறாள். மெல்ட்டிங் இன்சார்ஜ் பார்க்கப்போகிறார். அவர் அங்கே உட்காருவதற்குக் காரணம் இந்த வரியாகவே இருக்கலாம்.

உண்மை என்னவென்றால், அவள் இருக்கும் பவுண்டரியில் எஸ்.ஜி. அயர்ன் இரண்டு வாரம் ட்ரையல் பார்த்தார்கள். பத்து ஹீட். அவள் கூட நின்றாள், அவ்வளவே.

மூன்று வழி இருந்தது. ராத்திரியெல்லாம் படித்து மறைப்பது, முன்கூட்டியே மெயிலில் திருத்துவது, நேரில் தானே முதலில் சொல்வது. முதலாவது நடக்காது. உருக்கும் ஆளிடம் இரண்டு கேள்விக்கு மேல் தாங்காது, அது உடைந்தால் மணல் கதையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். மெயில் நல்ல வழிதான். ஆனால் அதில் "இரண்டு வாரம்" என்ற சொல் மட்டும் போய்ச் சேரும், அந்த இரண்டு வாரத்தில் அவள் பார்த்தது போய்ச் சேராது. நேரில் சொல்வது என்று முடிவு செய்தோம். இதில் என் கருத்து கொஞ்சம் கறார்: சின்ன மிகைப்படுத்தல் என்றால் கேட்கும்போது திருத்தினால் போதும், அந்த வரியால்தான் கூப்பிட்டிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தோண்டினோம். அந்தப் பத்து ஹீட்டில் அவள் வேலை, மெக்னீசியம் சேர்த்த நேரத்திலிருந்து கடைசி அச்சுப் பெட்டி ஊற்றி முடிக்கும் வரை செல்போனில் நேரம் பிடிப்பது. எஸ்.ஜி.யில் கிராஃபைட் உருண்டையாக வருவது மெக்னீசியத்தால். இரும்பில் அது 0.03 முதல் 0.05% வரை தங்கியிருக்க வேண்டும். நேரம் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். ஒரு ஹீட்டில் கிரேன் நின்று கடைசிப் பெட்டிகளுக்குப் பதினாலு நிமிஷம் ஆகிவிட்டது. அந்த வார்ப்பில் வெட்டிய மாதிரியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உருண்டைகள் சிதைந்து புழு மாதிரி நெளிந்து கிடந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். "இதை ஏன் சொல்லவே இல்லை?" என்றால், "இதெல்லாம் அனுபவமாங்க மாமா?" என்கிறாள். எழுதியதைவிட எழுதாமல் விட்டது நன்றாக இருந்தது.

மற்ற வரிகளில் அதிக நேரம் போகவில்லை. ஆர் அண்ட் ஆர் ஆய்வில் "தனியாக" என்பது தவறு. பத்து பாகம், மூன்று ஆட்கள், மூன்று முறை என்று தொண்ணூறு அளவையும் எடுக்க வைத்து எக்செல்லில் ஏற்றியது அவள். திட்டம் போட்டது சீனியர். முடிவு, அளவெடுப்பதில் வரும் பிழை 24%. பத்துக்குள் இருந்தால் நல்லது, முப்பதுக்கு மேல் ஏற்க முடியாது, நடுவில் இருந்தால் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது கேள்வி, பிழை கருவியிலா ஆட்களிலா என்று வரும். அவளுக்கு நினைவில்லை, பார்த்துக்கொண்டு வந்தாள், ஆட்களுக்கிடையில்தான் அதிகம். குழு விஷயத்தில், சீனியர் விடுப்பில் இருந்த நாலு மாசம் ஆறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தாள் என்பதே முழுக் கதை. ரெஸ்யூமேயில் இருந்த எட்டு வெறும் தட்டச்சுப் பிழை. தணிக்கை வரியில் எண் எதுவும் இல்லை, நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது, "சரி, அது பரவாயில்ல" என்று நான்தான் தாண்டிப் போகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை

அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அதன் கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்: "கடிதத்துல எஸ்.ஜி. அனுபவம்னு எழுதிட்டேன் சார். அது ரெண்டு வார ட்ரையல், பத்து ஹீட்தான். அப்படி எழுதினது தப்பு." குவாலிட்டி ஹெட் எதுவும் சொல்லாமல் பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டாராம். மெல்ட்டிங் இன்சார்ஜ், "அந்தப் பத்துல என்ன பாத்தீங்க?" என்று கேட்டார். கிரேன் நின்ற கதையைச் சொன்னாள். அவர் அதில் ஆர்வமாகி, எத்தனை நிமிஷம், எந்தப் பெட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்று பத்து நிமிஷம் பேசியிருக்கிறார்.

ரிஜெக்ஷன் பற்றி எதிர்பார்த்தபடியே கேட்டார்கள். வென்ட் யார் வைத்தது என்பதை அவர்கள் கேட்காமலே அவள் சொன்னாள். 4.3 வரை பேச்சுப் போகவில்லை. ஆர் அண்ட் ஆர், குழு இரண்டையும் யாரும் தொடவே இல்லை. ஷாப் ஃப்ளோரில் மணல் லேபைத் தாண்டும்போது குவாலிட்டி ஹெட் ஈரம் பார்க்கும் கருவியைக் காட்டி, "ஒரு ரீடிங் எடுங்க பார்க்கலாம்" என்றார். எடுத்தாள். மூடி ஒழுங்காக இறுகியது.

இடறியது தணிக்கை வரியில். "சப்ளையர் ஆடிட்ல என்ன என்.சி. போட்டீங்க?" என்று கேட்டார். என்.சி. என்றால் விதிமுறைக்கு மாறாக இருப்பதைக் குறைபாடாகப் பதிவது. "நான் போடலை சார், கூடப் போனேன்" என்றாள். அதுவரை சரி. "போய் என்ன பாத்தீங்க?" என்றதும் ஒன்றும் வரவில்லை. ஷெல் கோர் மணல் சப்ளையர் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. எண் இல்லாத வாக்கியம் என்று நான் தாண்டிய வரி அது. அந்தத் தவறு என்னுடையது. "பங்கேற்றேன்" என்று எழுதினாலும் அது உரிமை கோருவதுதான், எண் போட்ட வரிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்து இரண்டாம் சுற்றுக்கு மெயில் வந்தது. இந்த முறை மெயிலைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது பேசப்போகிறவர்கள் யார் என்பதை. பிளான்ட் ஹெட், கூட சப்ளையர் குவாலிட்டி மேனேஜர். நான் போன் செய்தபோது லைன் பிஸியாக இருந்தது. கூட ஆடிட்டுக்குப் போன சீனியரைக் கூப்பிட்டு, அன்றைக்கு அந்த மணல் சப்ளையரிடம் ஒவ்வொரு பேட்சுக்கும் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டோமா, ரெசின் அளவை எரித்துப் பார்த்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.